விழுந்தது ஒரு ஆப்பிள்... ஏறியது 17 பாயின்ட்! - அக்கா மகனின் கேமில் நடந்த குளறுபடி

"சித்தி, நான் ஏமாத்தல. கேம்தான் ஏமாத்துது!"

போன சனிக்கிழமை மதுரையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை. ஆறாம் வகுப்பு படிக்கும் அக்கா மகன் ஒரு பக்கம் கையைப் பிடித்து இழுக்கிறான். மூன்றாம் வகுப்பு படிக்கும் அவன் தங்கை இன்னொரு பக்கம் அழுதுகொண்டு நிற்கிறாள். கூடத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த தாத்தா, கையில் ஒரு துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு நடுவர் போலச் சிரித்தார்.

விஷயம் இதுதான். பையன் 'ஸ்க்ராட்ச்' என்ற புரோகிராமிங் மென்பொருளில் ஒரு கேம் செய்திருக்கிறான். மேலிருந்து ஆப்பிள் விழும். கீழே உள்ள கிண்ணத்தை அம்புக்குறி பட்டன்களால் நகர்த்திப் பிடிக்க வேண்டும். பிடித்தால் ஒரு பாயின்ட். அண்ணனும் தங்கையும் ஆளுக்கு 20 ஆப்பிள் பிடித்திருக்கிறார்கள். தாத்தா கோடு போட்டு எண்ணிய சீட்டில் இருவருக்கும் 20 என்றுதான் இருக்கிறது. ஆனால், ஸ்க்ரீனில் அண்ணன் ஸ்கோர் 340, தங்கை ஸ்கோர் 212.

"நானும் அவன் அளவுக்குத்தானே பிடிச்சேன்? எனக்கு மட்டும் ஏன் கம்மி?" என்று அவள் கேட்ட கேள்விக்கு அந்த வீட்டில் யாரிடமும் பதில் இல்லை.

சண்டை வீட்டோடு முடிந்தால் பரவாயில்லை. திங்கட்கிழமை பள்ளிக் கண்காட்சியில் இந்த கேமை வைக்கப் போகிறான். வகுப்பில் எல்லோரும் ஆடுவார்கள், அதிக ஸ்கோர் எடுப்பவருக்கு ஒரு ஜாமென்ட்ரி பாக்ஸ் பரிசு. ஒரே மாதிரி பிடித்தவர்களுக்கு வேறு வேறு ஸ்கோர் வந்தால் அங்கே என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

என்ன செய்திருந்தான்?

அமெரிக்காவின் எம்.ஐ.டி மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் தலைமையிலான குழு உருவாக்கி, 2007-ல் வெளியிட்ட இலவச மென்பொருள் ஸ்க்ராட்ச். இதில் குழந்தைகள் எதையும் டைப் செய்து கோட் எழுத வேண்டியதில்லை. வண்ண வண்ண பிளாக்குகளை ஒன்றன்கீழ் ஒன்றாக இழுத்து ஒட்டவைத்தால் அதுதான் புரோகிராம். திரையில் நகரும் பொம்மைகளுக்கு 'ஸ்ப்ரைட்' என்று பெயர். அவை நடமாடும் மேடை 480 படி அகலம், 360 படி உயரம். மேடையின் நட்டநடுவில் உயரம் பூஜ்யம். உச்சியில் 180, அடியில் மைனஸ் 180.

பையனின் ஆப்பிளுக்குள் இரண்டு தனித்தனி அடுக்குகள் இருந்தன. முதல் அடுக்கின் வேலை, ஆப்பிளை விழவைப்பது. உயரம் 180-ல் தொடங்கி ஒவ்வொரு தடவையும் 5 படி கீழே இறங்கும். மைனஸ் 170-க்கும் கீழே போனால் மறுபடி உச்சிக்குப் போய், வேறு ஓர் இடத்திலிருந்து விழும். இதில் பிழை எதுவும் இல்லை.

ஸ்கோர் போடுவது இரண்டாவது அடுக்கு. அது இப்படி இருந்தது:

```
when green flag clicked
set score to 0
forever
  if <touching Bowl?> then
    change score by 1
```

பச்சைக் கொடியை அழுத்தியதும் ஸ்கோர் பூஜ்யம் ஆகும். பிறகு `forever`, அதாவது எப்போதும், 'கிண்ணத்தைத் தொடுகிறாயா?' என்று கேட்கும். தொட்டால் ஸ்கோரில் ஒன்று கூடும். படித்துப் பார்த்தால் தப்பே தெரியவில்லை. எனக்கும் முதலில் தெரியவில்லை.

டிக்கெட் கிழிக்கும் கண்டக்டர்

பிழை ஒளிந்திருந்தது அந்த `forever`-க்குள்தான். மேடையில் ஏதாவது நகர்ந்துகொண்டிருக்கும்போது, இந்தச் சுற்று நொடிக்குச் சுமார் 30 முறை சுழல்கிறது. அதாவது, ஒரு நொடிக்குள் 30 தடவை 'தொடுகிறாயா?' என்று கேட்கிறது. ஆப்பிளோ கிண்ணத்தைத் தொட்ட கணத்தில் மறைந்துபோவதில்லை. விளிம்பில் பட்டு, உள்ளே இறங்கி, அடிவரை போகிறது. அந்த அரை நொடிப் பயணம் முழுக்க அது கிண்ணத்தைத் தொட்டுக்கொண்டேதான் இருக்கிறது. கேட்கும் ஒவ்வொரு தடவையும் 'ஆமாம்' என்ற பதில் வருகிறது. ஒவ்வொரு 'ஆமாம்' வரும்போதும் ஒரு பாயின்ட் ஏறுகிறது.

பையனுக்கு இதைப் புரியவைக்க டவுன் பஸ் உதவியது. "நீ பஸ்ல ஏறின உடனே கண்டக்டர் டிக்கெட் கொடுக்குறார். சரி. ஆனா நிமிஷத்துக்கு ஒரு தடவை உன்கிட்ட வந்து 'தம்பி, பஸ்லதான் இருக்கியா?'ன்னு கேட்டு, நீ 'ஆமா'ன்னு சொல்லும்போதெல்லாம் ஒரு டிக்கெட் கிழிச்சா என்ன ஆகும்?"

"பெரியார் பஸ் ஸ்டாண்ட் போறதுக்குள்ள காசு எல்லாம் போயிடும்!"

"அதேதான். டிக்கெட் போட வேண்டியது நீ ஏறினதுக்கு. அவர் நீ உள்ளே இருக்குறதுக்குப் போடுறார்."

ஏறுவது ஒரு தடவைதான் நடக்கும். இருப்பது தொடர்ந்து நடக்கும். `touching` பிளாக் சொல்வது 'இப்போது தொட்டுக்கொண்டிருக்கிறது' என்பதை மட்டுமே. 'இப்போதுதான் புதிதாகத் தொட்டது' என்று அது ஒருபோதும் சொல்லாது.

கையும் களவுமாகப் பிடித்தோம்

ஊகத்தில் நிற்காமல் கண்ணால் பார்த்துவிடலாம் என்று ஒரு வேலை செய்தோம். ஸ்க்ராட்ச்சில் 'லிஸ்ட்' வசதி இருக்கிறது. மளிகைச் சீட்டு மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டே போகும். ஸ்கோர் ஏறும் இடத்துக்குக் கீழேயே, அந்த நேரத்தில் ஆப்பிள் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை லிஸ்ட்டில் எழுதச் சொல்லும் ஒரு பிளாக்கைச் சேர்த்தோம்.

```
add (y position) to log
```

கிண்ணத்தை நகர்த்தாமல் வைத்து, ஒரே ஓர் ஆப்பிளை நடுவில் விழவிட்டோம். திரையில் கடகடவென்று எண்கள் இறங்கின. -90, -95, -100, -105... கடைசி எண் -170. எண்ணிப் பார்த்தால் 17 வரிகள். ஸ்கோரும் 17. அண்ணன் 20 ஆப்பிள்களையும் நட்டநடுவில் வாங்கியிருக்கிறான். 20 பெருக்கல் 17, அதுதான் அந்த 340.

அடுத்து, தங்கை ஆடும் விதத்தில் விழவிட்டோம். அவள் கிண்ணத்தைப் பதற்றத்தில் இங்கும் அங்கும் ஆட்டுவாள். ஆப்பிள் ஓரத்தில் உரசிவிட்டு வெளியே போய்விடும். ஸ்க்ராட்ச், தொடுகிறதா என்பதைப் படத்தின் வடிவத்தை வைத்தே பார்க்கிறது. படத்தைச் சுற்றியுள்ள வெற்றிடம் பட்டால் கணக்கில் சேராது. எனவே, ஓரத்தில் உரசியபோது லிஸ்ட்டில் 6 வரிகள்தான் வந்தன. அடுத்த தடவை 11. அவளுக்கு ஸ்கோர் குறைந்த ரகசியம் வெளியே வந்துவிட்டது.

"பாத்தியா, நான் சொன்னேன்ல!" என்று அவள் குதித்த குதியில் ஊஞ்சல் ஆடியது.

இதில் ஒரு துப்பும் கிடைக்கிறது. உங்கள் வீட்டுக் குழந்தையின் கேமிலும் ஸ்கோர் தாறுமாறாக ஏறினால், முதலில் எத்தனை எத்தனையாக ஏறுகிறது என்று பாருங்கள். ஒரு தடவை 17, ஒரு தடவை 6, ஒரு தடவை 11 என்று மாறி மாறி வந்தால் சுற்றில்தான் கோளாறு. எப்போது பிடித்தாலும் சரியாக 2 மட்டும் ஏறினால் காரணம் வேறு. ஆப்பிளுக்குள் ஒன்று, கிண்ணத்துக்குள் ஒன்று என ஸ்கோர் போடும் பிளாக் இரண்டு இடத்தில் இருக்கக்கூடும். அப்படியானால் ஒன்றை எடுத்துவிட்டால் போதும்.

"17-ஆல வகுத்துடு!"

வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தாத்தா சும்மா இருப்பாரா? "17 தடவை ஏறுதுன்னா, 17-ஆல வகுத்துடு. கணக்கு சரியாயிடும்" என்றார். பையனும் உற்சாகமாக வகுத்துப் பார்த்தான். நடுவில் பிடித்தால் சரியாக 1 வந்தது. ஓரத்தில் பிடித்தால் ஒன்றுக்கும் குறைவாக, புள்ளிக்குப் பின்னால் நீளமான வாலோடு ஓர் எண் வந்தது. தங்கைக்கு நியாயம் கிடைக்கவில்லை.

தவிர, 17 நிலையான எண்ணும் அல்ல. ஆப்பிள் 5 படிக்குப் பதில் 10 படியாக இறங்கினால் அதே தூரத்தை 9 தடவையில் கடந்துவிடும். 2 படியாக மெதுவாக இறங்கினால் 41 தடவை. அதாவது, கேமை எவ்வளவு சுலபமாக்குகிறோமோ அவ்வளவு அதிகமாக பாயின்ட் கொட்டும்.

ஆப்பிள் கிண்ணத்தின் மேல் அசையாமல் நின்றால் நிலைமை இன்னும் மோசம். விழவைக்கும் அடுக்கைக் கழற்றிவிட்டு, ஆப்பிளைக் கிண்ணத்தில் உட்காரவைத்துப் பார்த்தோம். ஸ்கோரைப் படிக்கவே முடியவில்லை, அத்தனை வேகம். மேடையில் எதுவும் நகராதபோது, திரையைப் புதுப்பிக்கக் காத்திருக்கத் தேவையில்லை என்று ஸ்க்ராட்ச் அந்தச் சுற்றை இடைவிடாமல் சுழற்றுவதுதான் காரணம். நொடிக்கு 30 என்ற கணக்கே அப்போது செல்லாது.

ஒரு நொடி காத்திருந்தால்?

"என் ஃப்ரெண்டு கேம்ல இதே பிளாக்தான் இருக்கு. அவனுக்கு ஒண்ணு ஒண்ணாத்தான் ஏறுது" என்றான் பையன். வீடியோ காலில் நண்பனின் கேமைப் பார்த்தோம். அதில் ஸ்கோருக்குக் கீழே `play sound until done` என்ற பிளாக் இருந்தது. சத்தம் முழுதாக ஒலித்து முடியும்வரை அந்த அடுக்கு அடுத்த வேலைக்குப் போகாது. அதற்குள் ஆப்பிள் கிண்ணத்தைக் கடந்துவிடுகிறது. பிழை அங்கேயும் இருக்கிறது, சத்தம் அதை மறைத்து வைத்திருக்கிறது.

இதைப் பார்த்ததும் நம் பையன் தன் கேமில் ஸ்கோருக்குக் கீழே `wait 1 seconds` என்ற பிளாக்கைச் சொருகினான். ஸ்கோர் ஒன்று ஒன்றாக ஏறியது. "சரியாயிடுச்சு!" என்று துள்ளினான். இணையத்தில் பலரும் முதலில் சொல்லும் வழியும் இதுதான். ஆனால், இது கேமின் வேகத்தை நம்பி நிற்கும் வழி.

தங்கைக்காக வேகத்தை 2 படியாகக் குறைத்தோம். ஆப்பிள் கிண்ணத்தைக் கடக்க ஒரு நொடிக்கும் மேல் ஆனது. ஒரு நொடி தூங்கி எழுந்த அடுக்கு, ஆப்பிள் இன்னும் தொட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து இன்னொரு பாயின்ட் போட்டது. ஓர் ஆப்பிளுக்கு 2.

அண்ணனுக்காக வேகத்தை 20 படியாக ஏற்றினோம். இப்போது கதை தலைகீழ். முதல் ஆப்பிளைப் பிடித்த 18-வது சுற்றிலேயே, அதாவது சுமார் 0.6 நொடியில், அடுத்த ஆப்பிள் கிண்ணத்துக்கு வந்துவிடுகிறது. ஸ்கோர் அடுக்கோ ஒரு நொடித் தூக்கத்தில் இருக்கிறது. பிடித்தும் பாயின்ட் வரவில்லை. விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தால் ஒன்றுவிட்டு ஒன்றுக்குத்தான் ஸ்கோர் ஏறுகிறது. இந்த முறை அழுதது அண்ணன்!

ஆப்பிளை இடத்தைவிட்டு எடுத்துவிடு

நிஜத்தில் ஓர் ஆப்பிளைப் பிடித்தால் என்ன ஆகும்? அது அதற்குமேல் விழாது, கைக்கு வந்துவிடும். கேமிலும் அதையே செய்தால் போதும். பாயின்ட் போட்ட கையோடு ஆப்பிளை உச்சிக்கு அனுப்பிவிட வேண்டும்.

```
forever
  if <touching Bowl?> then
    change score by 1
    set x to (pick random -220 to 220)
    set y to 180
```

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்த மூன்று பிளாக்குகளும் ஒரே மூச்சில் ஓடி முடிகின்றன. நடுவில் 'தொடுகிறாயா?' என்ற கேள்விக்கு இடமில்லை. அடுத்த சுற்றில் கேள்வி வரும்போது ஆப்பிள் மேடையின் உச்சியில் இருக்கிறது. பதில் 'இல்லை'. ஓர் ஆப்பிளுக்கு ஒரே ஒரு பாயின்ட். நடுவில் பிடித்தாலும் ஓரத்தில் உரசினாலும், 2 படியாக விழுந்தாலும் 20 படியாக விழுந்தாலும் கணக்கு மாறாது.

சத்தம் வேண்டும் என்றால் `start sound` பிளாக்கைப் போடலாம். அது சத்தத்தைத் தொடங்கிவிட்டு உடனே அடுத்த பிளாக்குக்குப் போய்விடும். `play sound until done` போட்டால், சத்தம் முடியும்வரை ஆப்பிள் கிண்ணத்தைத் துளைத்துக்கொண்டு கீழே போவது கண்ணுக்குத் தெரியும்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது அதே நண்பனிடமிருந்து போன். "நீ சொன்னபடி மாத்தி, சத்தத்தையும் எடுத்துட்டேன்டா. இப்பத்தான் அதிகமா ஏறுது!"

அவன் கேமில் ஆப்பிளை விழவைக்க `glide` பிளாக்கைப் பயன்படுத்தியிருந்தான். 'இத்தனை நொடியில் இங்கிருந்து அங்கே வழுக்கிப் போ' என்ற கட்டளை அது. கிளம்பிய இடத்தையும் சேர வேண்டிய இடத்தையும் முதலிலேயே மனதில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் ஆப்பிளைத் தன் பாதையில் தானே உட்காரவைக்கும். ஸ்கோர் அடுக்கு ஆப்பிளை மேலே தூக்கிவிட்டாலும், அடுத்த சுற்றில் `glide` அதைப் பிடித்துக் கிண்ணத்துக்கே கொண்டுவந்துவிடும். மறுபடி 'ஆமாம்', மறுபடி பாயின்ட். பிடித்த ஆப்பிள் மேலே தாவியது போலத் தோன்றி, கீழேயே திரும்ப வந்து நின்றால் இந்தக் கோளாறுதான். `glide`-ஐ எடுத்துவிட்டு `change y by -5` என்று ஒவ்வொரு படியாக இறக்கியதும் அவனுக்கும் சரியானது.

அழுகின ஆப்பிள் வந்தால்?

ஞாயிறு காலை தங்கை ஒரு யோசனை சொன்னாள். "நடுவுல ஒரு அழுகின ஆப்பிள் வரணும். அதைப் பிடிச்சா ஒரு உயிர் போகணும். ஆனா, அது மறையக் கூடாது. நாத்தம் அடிச்சிட்டே கீழே போகணும்!"

மொத்தம் 3 உயிர்கள். பழைய முறையில் எழுதியிருந்தால் 3 சுற்றுகளில், அதாவது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில், மூன்று உயிரும் போய் முதல் தொடுதலிலேயே ஆட்டம் முடிந்துவிடும். உயிர்கள் குறைவதைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாது. கேமே உடைந்துவிட்டது என்றுதான் குழந்தைகள் நினைப்பார்கள். ஆப்பிள் மறையக் கூடாது என்பதால் மேலே அனுப்பும் வழியும் இங்கே உதவாது. இதற்கு வேறு அடுக்கு வேண்டும்:

```
forever
  wait until <touching Bowl?>
  change lives by -1
  wait until <not <touching Bowl?>>
```

தொடும்வரை காத்திரு. தொட்டதும் ஓர் உயிரைக் குறை. பிறகு, விலகும்வரை காத்திரு. விலகிய பிறகுதான் அடுத்த தொடுதலைக் கணக்கில் எடுப்பாய். பஸ் கண்டக்டர் கதைக்கே திரும்பினால், இறங்கி மறுபடி ஏறினால்தான் அடுத்த டிக்கெட். இதில் எத்தனை நொடி என்ற ஊகமே இல்லை என்பதால் வேகம் மாறினாலும் பிசகாது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. பதற்றத்தில் கிண்ணத்தை விலக்கி, அதே ஆப்பிளை மறுபடி உரசினால் அது இரண்டாவது தொடுதல். இரண்டு உயிர் போகும். அழுகின ஆப்பிளுக்கு இது நியாயமான தண்டனை என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். நல்ல ஆப்பிளுக்கு மட்டும் மேலே அனுப்பும் வழியையே வைத்துக்கொண்டோம்.

ஞாயிறு மாலை மறு ஆட்டம். இரண்டு நிமிடம், ஆளுக்கு ஒரு தடவை. தாத்தா மறுபடி சீட்டும் பேனாவுமாக உட்கார்ந்து ஒவ்வொரு ஆப்பிளுக்கும் கோடு போட்டார். முடிவில் சீட்டில் தங்கைக்கு 31, அண்ணனுக்கு 29. ஸ்க்ரீனிலும் அதே 31, அதே 29.

"இப்ப சொல்லு, யார் ஏமாத்துறா?" என்று கேட்டாள் தங்கை. அண்ணன் பதில் சொல்லவில்லை. ஆப்பிளின் வேகத்தை 5-லிருந்து 8-ஆக மாற்றிவிட்டு, "இன்னொரு ஆட்டம்" என்றான்.